முதல் படம் எது? ஐந்து பெட்டிப் படங்களும் ஒரு பயிற்சிப் பணியாளரின் அறிக்கையும்

கைக்குத் தடவும் க்ரீம் ஒன்றின் பேக்கேஜிங் படங்கள் ஐந்து. அதில் இணைய விற்பனைப் பக்கத்தில் முதலில் வரவேண்டியது எது என்று தரவரிசைப்படுத்தித் தரும்படி, எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவரிடம் மேலாளர் கேட்டிருந்தார். அவர் கொடுத்த அறிக்கை இரண்டு பக்கம்தான். தேர்வான படங்களைத் திருத்தித் தளத்தில் ஏற்றும் வேலை என்னுடையது என்பதால் அது என் மேசைக்கும் வந்தது. இப்படிப்பட்ட அறிக்கைகள் பெரும்பாலும் "இது பார்க்க அழகாக இருக்கிறது, அது கொஞ்சம் மங்கல்" என்ற அளவில் நின்றுவிடும். இது அப்படி இல்லை. எதை வைத்து எது முன்னே வந்தது என்பதை விரிவாகப் பார்ப்பது, இதே வேலையைச் செய்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அடர்பச்சை நிற அட்டைப்பெட்டி, மேலே மேட் லேமினேஷன். பெயர் மட்டும் தங்க நிற ஃபாயிலில் அச்சாகியிருக்கிறது. உள்ளே வெள்ளை டியூப், பச்சை மூடி. படமெடுப்பவருக்கு இதில் சிக்கல் தரக்கூடியவை மூன்று. ஃபாயில் கண்ணாடி மாதிரி எதிரில் இருப்பதைக் காட்டும். அடர்பச்சை கொஞ்சம் தவறினாலும் கருப்பாகவோ பாசி நிறமாகவோ போய்விடும். வெள்ளை டியூப் வெள்ளைப் பின்னணியில் கரைந்துவிடும். ஐந்து படங்களின் குறைகளும் சுற்றிச்சுற்றி இந்த மூன்றில்தான் வந்து நின்றன.

அறிக்கையின் முதல் வரியே பரிந்துரைதான். "முதல் படமாக ச-வைப் பயன்படுத்தலாம், ஏற்றுவதற்கு முன் பின்னணியையும் சட்டத்தையும் திருத்த வேண்டும். த மாற்றாக இருக்கட்டும். ட-வை முதல் படமாக வைக்க முடியாது. ப-வை எங்கேயும் பயன்படுத்தக் கூடாது." மேலாளர் இதோடு நிறுத்திக்கொண்டாலும் முடிவு எடுத்துவிடலாம். காரணம் வேண்டுமென்றால் கீழே படிக்கலாம். படங்களுக்கு எண் போடாமல் எழுத்து போட்டதும் யோசித்துச் செய்ததுதான். படம் 1, படம் 2 என்று எழுதினால் வரிசை முடிவாகும் முன்பே ஒரு வரிசை மனதில் ஏறிவிடும். கோப்புப் பெயர்களையும் மாற்றியிருந்தார், ஏனென்றால் பழைய பெயர்களில் எடுத்தவரின் பெயர் இருந்தது.

மதிப்பெண்ணுக்குப் போகும் முன் அவர் ஒரு கேள்வியை எல்லாப் படங்களுக்கும் போட்டிருந்தார்: படத்தில் இருக்கும் பெட்டி இப்போது விற்கும் பெட்டிதானா? கையில் அசல் பெட்டியை வைத்துக்கொண்டு முகப்பில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டிருக்கிறார். படம் ப இங்கேயே விழுந்தது. அதில் இருந்தது முந்தைய அச்சு. அளவு எழுதியிருக்கும் வரி இப்போது கீழ் ஓரத்தில் இருக்கிறது, அந்தப் படத்தில் நடுவில் இருந்தது. மூடியும் வெள்ளையாக இருந்தது. வெளிச்சமும் கூர்மையும் ஐந்திலும் அதற்குத்தான் நன்றாக அமைந்திருந்தன. அதனால்தான் இந்தக் கேள்வி முதலில் வரவேண்டும். மதிப்பெண்களோடு சேர்த்து இதையும் ஒரு பத்தியாகப் போட்டிருந்தால் மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கி ப முதலிடத்துக்கே வந்திருக்கும். வாங்கியவர் பெட்டி மாறி வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் நமக்குத் தெரியும். விற்காத பெட்டியின் படத்துக்கு மதிப்பெண் போடுவதில் பொருளே இல்லை என்பதால் அந்த வரிசையை வெறுமையாகவே விட்டிருந்தார்.

மீதி நான்கையும் மூன்று விஷயங்களில் பார்த்திருக்கிறார். சிறு அளவில் பெயர் தெரிகிறதா, நிறம் சரியா, வடிவமும் விளிம்பும் ஒழுங்காக இருக்கின்றனவா. மதிப்பெண் 0, 1, 2 மட்டும். 2 என்றால் அப்படியே போகலாம், 1 என்றால் குறை உண்டு ஆனால் சமாளிக்கலாம், 0 என்றால் இந்த இடத்துக்கு உதவாது. பத்துக்கு இவ்வளவு என்று போட்டால் 7-க்கும் 8-க்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவராலேயே சொல்ல முடியாது. இங்கே ஒவ்வொரு எண்ணும் அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. பெயர் தெரிவதற்கு மட்டும் இரட்டிப்பு எடை, ஏனென்றால் முதல் படத்தைப் பெரும்பாலோர் பார்ப்பது ஃபோனில், தேடல் முடிவுகளின் நடுவே, கட்டைவிரல் அகலத்தில்.

| படம் | எப்படி எடுத்தது | பெயர் (×2) | நிறம் | வடிவம், விளிம்பு | மொத்தம் | இடம் |
|---|---|---|---|---|---|---|
| ச | முக்கால் பக்கம், டியூபோடு | 2 | 2 | 1 | 7 | 1 |
| த | முன்பக்கம், சற்று மேலிருந்து, டியூபோடு | 2 | 1 | 1 | 6 | 2 |
| க | நேர் முன்பக்கம், பெட்டி மட்டும் | 0 | 2 | 2 | 4 | 3 |
| ட | கல் பலகை, இலைகள், பக்கவாட்டு வெளிச்சம் | 1 | 0 | 2 | 4 | 4 |
| ப | முந்தைய அச்சு | – | – | – | – | நீக்கம் |

பெயர் தெரிகிறதா என்பதைச் சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. படத்தை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, ஃபோனில் போட்டு, இந்தப் பொருளோடு சம்பந்தமே இல்லாத பிரிவுகளில் இருப்பவர்களிடம் காட்டி, "இதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். முக்கியமானது என்னவென்றால், ஒருவருக்கு ஒரு படம் மட்டும். நான்கு படங்களையும் ஒருவரிடமே காட்டினால், முதல் படத்தில் படித்த பெயரை அடுத்த மூன்றிலும் "படித்துவிடுவார்". கண் படிக்காது, ஞாபகம் படிக்கும். அதனால் படத்துக்கு இரண்டு பேர், மொத்தம் எட்டுப் பேர். ச-விலும் த-விலும் இரண்டு பேருமே பெயரைச் சொன்னார்கள். ட-வில் ஒருவர் சொன்னார், இன்னொருவர் பாதி எழுத்தோடு நின்றுவிட்டார். க-வில் இருவருமே எழுத்து இருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. "பச்சைப் பெட்டி" என்று மட்டும் சொன்னார்கள்.

எட்டுப் பேரை வைத்து வாங்குபவர்கள் எதை விரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. அவரும் அப்படி எதுவும் எழுதவில்லை. பெயர் கண்ணில் படுகிறதா, படவே இல்லையா என்ற முரட்டுக் கேள்விக்கு மட்டும் இந்த எண்ணிக்கை போதும். இரண்டு படங்களிலும் பெயர் தெரிந்து, எது இன்னும் சீக்கிரம் தெரிகிறது என்று கேட்டிருந்தால் போதாது.

க-வில் பெயர் ஏன் மறைந்தது? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய திரையில் க ரொம்ப சுத்தமான படம். பெட்டி நேராக நிற்கிறது, விளிம்புகள் கூர்மை, பச்சை அச்சு அசல். ஆனால் பெட்டியின் முகம் கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறது. ஃபாயில் தன் எதிரில் இருப்பதைத்தான் காட்டும், எதிரில் இருந்ததோ கேமராவும் அதன் பின்னால் இருட்டாக்கிய அறையும். அதனால் தங்கம் கரும்பழுப்பாகிவிட்டது. அடர்பச்சை மேல் கரும்பழுப்பு எழுத்து, அதை 160 பிக்சலுக்குச் சுருக்கினால் இரண்டும் ஒன்றுதான். ச-வில் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார்கள். ஃபாயிலுக்கு இடப்பக்கத்து சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைத் துணி தெரிந்தது, எழுத்து பளிச்சென்று எழுந்துவிட்டது. பெட்டி, விளக்கு எல்லாம் அதேதான், கோணம் மட்டும் வேறு.

க-வில் எழுத்துகளுக்கு மட்டும் தங்க நிறம் பூசிவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். நான் செய்துபார்த்திருக்கிறேன். ஃபாயிலில் ஒளி ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்தில் மங்கும். தட்டையாகப் பூசிய நிறம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது போல நிற்கும். இதற்கு மறுபடி எடுப்பதுதான் வழி. அறிக்கையும் 0 போட்டு, "திருத்தத்தால் சரியாகாது" என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

நிறத்துக்கு வருவோம். திரையில் பார்த்து "பச்சை சரியாக இருக்கிறது" என்று சொல்வது ஆபத்து, ஏனென்றால் அந்தத் திரை சரியாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அவர் இரண்டு வழியில் பார்த்திருக்கிறார். படமெடுத்தவர் ஒவ்வொரு அமைப்பிலும் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துவைத்திருந்தார். சாம்பலுக்குச் சாய்வு கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ச-வின் அமைப்பில் அந்த அட்டை 176, 176, 174. ட-வின் அமைப்பில் 182, 171, 150. நீலம் அவ்வளவு குறைந்தால் படம் முழுக்க மஞ்சள் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், அடர்பச்சை பாசி நிறத்துக்கு நகர்ந்திருக்கும். அப்புறம் அசல் பெட்டியை 5000 கெல்வின் விளக்கின் கீழே வைத்து, அளவிட்டுச் சரிசெய்த எங்கள் திரையோடு ஒப்பிட்டிருக்கிறார். கண்ணுக்கும் அதே முடிவுதான் கிடைத்தது.

ட-வைச் சாம்பல் அட்டையை வைத்துச் சரிசெய்ய முடியாதா? ஒரே விளக்கு என்றால் முடியும். ட-வில் ஜன்னல் வெளிச்சமும் அறை விளக்கும் கலந்திருக்கின்றன. அட்டை இருந்த இடத்தை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் ஜன்னல் பக்க நிழல்கள் நீலமாகிவிடுகின்றன. அவர் இதைச் செய்து பார்த்து அந்தத் துண்டை அறிக்கையில் ஒட்டியிருந்தார். பெட்டியின் ஒரு பக்கம் சரியான பச்சை, மறுபக்கம் மயில் நீலம். வாதமே தேவைப்படவில்லை.

த-வின் நிறக் கதை வேறு. எங்கள் திரையில் அது ஐந்திலும் செழிப்பான பச்சை. ஃபோனில் சோதனைத் தளத்தின் வழியாகப் பார்த்தபோது மட்டும் வெளிறிப்போய் இருந்தது. அவர் கோப்பின் நிற விவரத்தைப் பார்த்தார்:

```
exiftool -ICC_Profile:ProfileDescription tha.jpg
```

வந்த பதில் `Adobe RGB (1998)`. இது `sRGB`-ஐ விடப் பெரிய நிறவெளி, பச்சைப் பக்கத்தில்தான் அதிகம் விரிந்தது. கோப்போடு அந்த விவரம் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை திரை எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ளும். தளத்தில் ஏற்றும்போது படத்தைச் சுருக்கும் நிரல் அந்த விவரத்தைக் கழற்றிவிட்டது. பிறகு அதே எண்களை `sRGB` என்று நினைத்துக் காட்டினால் நிறம் சோர்ந்துபோகும். அடர்பச்சைப் பெட்டியில் அது உடனே கண்ணில் படும். இதைச் சரிசெய்வது எளிது, ஆனால் ஃபோட்டோஷாப்பில் இரண்டு கட்டளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. `Convert to Profile` எண்களை மாற்றித் தோற்றத்தைக் காப்பாற்றும். `Assign Profile` எண்களை அப்படியே விட்டு அர்த்தத்தை மட்டும் மாற்றும். அதை அழுத்தினால் தளம் செய்த தவறை நாமே கையால் செய்ததாகிவிடும். அறிக்கையில் எந்தக் கட்டளை என்று பெயரோடு எழுதியிருந்தது எனக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. நிறத்தில் த-வுக்கு 1 கிடைத்தது இதனால்தான்.

த இரண்டாமிடத்தில் நின்றதற்கு நிறம் மட்டும் காரணமில்லை. அகலக் கோண லென்ஸில், ரொம்பக் கிட்டத்தில், சற்று மேலிருந்து எடுத்திருக்கிறார்கள். பெட்டியின் மேல் அகலம் 1480 பிக்சல், கீழ் அகலம் 1390. அசலில் இரண்டும் சமம். சுமார் 6 சதவீதம் குறுகியிருக்கிறது, பெட்டி தலைகனத்துச் சாய்வது போல ஒரு உணர்வு வருகிறது. கோடுகளை மென்பொருளில் நேராக்கலாம், ஆனால் பெட்டியை நேராக்கும்போது பக்கத்தில் நிற்கும் டியூபின் மூடி முட்டை வடிவமாகிறது. தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இங்கே அறிக்கையோடு எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வடிவம், விளிம்பு பத்தியில் ச-வுக்கும் 1, த-வுக்கும் 1. எண் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. ச-வின் குறையை உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தால் முழுதாகப் போக்கிவிடலாம். த-வின் குறையை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும். "சமாளிக்கலாம்" என்ற ஒரே எண்ணுக்குள் இந்த இரண்டும் அடங்கியதால், 7-க்கும் 6-க்கும் உள்ள இடைவெளி அசலில் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரிகிறது. மேலாளர் அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்று நினைத்திருப்பார். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு "திருத்த எவ்வளவு நேரம், திருத்திய பின் என்ன மிஞ்சும்" என்று எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் எடை விஷயத்தில் அவர் கவனமாக இருந்தார். பெயருக்கு இரட்டிப்பு கொடுத்தது அவருடைய சொந்த முடிவு. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கூட்டிக் காட்டியிருந்தார்: ச 5, க 4, த 4, ட 3. முதலிடம் மாறவில்லை. இரண்டாமிடம் மட்டும் க-வுக்கும் த-வுக்கும் இடையே ஆடுகிறது. ஆக, பரிந்துரை எடையை நம்பி நிற்கவில்லை, மாற்றுப் படம் எது என்பதுதான் எடையை நம்பி நிற்கிறது. இந்த ஒரு வரியைப் படித்தபோது அறிக்கையின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கூட்டத்தில் மேலாளர் முதலில் கேட்டது ட-வைப் பற்றி. அவருக்கு அதுதான் பிடித்திருந்தது, அது எல்லோருக்கும் தெரியும்.

"ஏம்மா, க-வுக்கும் நாலு, ட-வுக்கும் நாலு. அப்புறம் ட ஏன் கீழே போச்சு?"

"மேடம், முதல் படத்துல பொருளைத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாதுன்னு அந்தத் தளத்தோட விதி. பின்னணியும் தூய வெள்ளையா இருக்கணும். ட-வுல இலை பெட்டியோட கீழ் மூலையை மறைச்சிருக்கு. பின்னணியை வெட்டி எடுத்தா அந்த மூலையே இருக்காது."

"சரி, ரெண்டாவது மூணாவது படமா போடலாமா?"

"போடலாம் மேடம், ஆனா நிறம் இப்படியே இருந்தா வேண்டாம். பக்கத்துல ச-வோட பச்சை இருக்கும். ரெண்டு பெட்டியும் வேற வேற பொருள் மாதிரி தெரியும்."

மேலாளர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. அவருக்குப் பிடித்த படம் என்பதற்காக ட-வின் மதிப்பெண்ணை ஏற்றாமலும், அதை அட்டவணையிலிருந்து தள்ளிவிடாமலும் மற்றவற்றோடு சமமாக வைத்து அளந்து காட்டியதால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு சுலபமாக முடிந்தது.

இனி ச-வில் செய்ய வேண்டியது. படம் 3000-க்கு 3000 பிக்சல். அதில் பொருளின் உயரம் 2100, அதாவது 70 சதவீதம். தளம் கேட்பது 85. 2100-ஐ 0.85-ஆல் வகுத்தால் 2470; அந்த அளவு சதுரமாக வெட்டினால் போதும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்குத் தளம் கேட்கும் 1000 பிக்சலைவிட இது எவ்வளவோ அதிகம். இதில் ஒரு சிக்கலும் இல்லை.

பின்னணியில்தான் கை நடுங்கும். இடப்பக்கம் 247, வலப்பக்கம் நிழல் விழுந்து 238. தூய வெள்ளை என்றால் 255. லெவல்ஸில் வெள்ளை முனையை 238-க்கு இழுத்தால் பின்னணி முழுதும் ஒரே அசைவில் வெள்ளையாகிவிடும். ஆனால் வெள்ளை டியூபின் வலது விளிம்பில் இருக்கும் மெல்லிய சாம்பல் கோடு 236தான். அது 253 ஆகிவிடும். டியூப் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. ஃபோனில் பார்த்தால் காற்றில் ஒரு பச்சை மூடி மட்டும் மிதக்கும். அறிக்கை "முழுப் படத்தையும் வெளிறச் செய்யக் கூடாது, பொருளைத் தனியாக வெட்டிப் பின்னணியை மட்டும் மாற்ற வேண்டும்" என்று சொன்னது சரி. நான் பென் டூலில் பாதை வரைந்து, பெட்டியையும் டியூபையும் தனித்தனியாகப் பிரித்து, டியூபின் வலது விளிம்பைக் கொஞ்சம் கருமையாக்கினேன். அடியில் விழும் நிழலை மெலிதாக விட்டுவைத்தேன், அது இல்லாவிட்டால் பெட்டி தரையில் நிற்காது. திருத்திய படத்தை மறுபடி 160 பிக்சலுக்குச் சுருக்கி, முன்பு பார்க்காத இரண்டு பேரிடம் காட்டச் சொன்னேன். பெயரைச் சொன்னார்கள், டியூப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொன்னார்கள்.

மேலாளர் ச-வுக்கு ஒப்புதல் கொடுத்தார். த-வை `sRGB`-க்கு மாற்றி எடுத்துவைத்திருக்கிறோம், ப-வைப் பழைய அச்சு என்று குறித்துத் தனிக் கோப்புறைக்கு நகர்த்திவிட்டோம். அடுத்த படப்பிடிப்புக்கான குறிப்பையும் அந்தப் பயிற்சிப் பணியாளரே எழுதினார்: க-வின் அதே நேர்க்கோணம், லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட பெரிய வெள்ளை அட்டை கேமராவுக்கு முன்னால், டியூபுக்கு இரண்டு பக்கமும் சட்டத்துக்கு வெளியே கருப்பு அட்டை. வெள்ளை அட்டை ஃபாயிலுக்குப் பிரதிபலிக்க வெளிச்சம் தரும், கருப்பு அட்டை டியூபின் விளிம்புக்குக் கோடு போடும்.